மேற்படிப்புக்குப் போனால் வேலை காத்திருக்குமா?

"தனியார் நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு வருட முழுநேர முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சம்பளமில்லா விடுப்பு தருவதாக எச்.ஆர். கடிதம் கொடுத்திருக்கிறார்கள். 'படிப்பு முடிந்ததும், காலியிடம் இருப்பின், மீண்டும் பணியமர்த்தப்படுவீர்கள்' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. மேனேஜரோ, 'கவலைப்படாதீங்க, உங்க சீட் அப்படியே இருக்கும்' என்கிறார். என் வேலையை அவர்கள் வைத்திருந்துதான் ஆக வேண்டுமா?"

இந்தக் கடிதத்தை வைத்துப் பார்த்தால், வேண்டியதில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் அந்த உரிமையைத் தந்தால் மட்டுமே பதில் மாறும்.

பிரசவ விடுப்பைப் போலப் படிப்பு விடுப்பு எல்லா நாட்டிலும் சட்ட உரிமையாகிவிடவில்லை. சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்பு பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-இலேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. ஆனால் அது ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். அந்த நாடுகளிடமும் இதற்கென ஒரு கொள்கை வகுக்கத்தான் சொல்கிறது. ஸ்வீடனில் அதே 1974-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே படிக்கப் போனவர் திரும்பும்போது, பழைய நிலைக்கு இணையான வேலையும் நிபந்தனைகளும் கிடைக்க வேண்டும். பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் படிப்புக்கு நேரம் கேட்கும் உரிமை உண்டு. உரிய காரணம் சொல்லி நிறுவனம் மறுக்கலாம். அரசு வேலை என்றால் பெரும்பாலும் பணி விதிகளிலேயே எல்லாம் எழுதியிருக்கும். தனியார் வேலையில், ஸ்வீடன் மாதிரிச் சட்டம் இல்லாத இடத்தில், உங்கள் வேலை ஒப்பந்தமும் நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையும் கையில் இருக்கிற இந்தக் கடிதமும்தான் முடிவு செய்யும்.

சரி, கடிதத்துக்கு வருவோம். விடுப்பில் இருப்பவர் வேலைக்குத் திரும்புவார். அவரை யாரும் 'மீண்டும் பணியமர்த்த' மாட்டார்கள். அந்தச் சொல் வந்துவிட்டால், நீங்கள் போகும் நாளிலேயே வேலை முடிந்துவிட்டது என்று நாளைக்கு வாதாட முடியும். அதோடு 'காலியிடம் இருப்பின்' என்பதும் சேர்ந்துவிட்டது. உங்கள் இடத்தில் வேறொருவரை நிரந்தரமாக எடுத்துவிட்டால் காலியிடம் இருக்காது. அதை உருவாக்குவதும் நிரப்புவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

மேனேஜர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இரண்டு வருடத்தில் அவரே வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அவர் சொன்னதை ஒரு மெயிலில் எழுதி, எச்.ஆரையும் சேர்த்து அனுப்புங்கள். அதை அப்படியே உறுதிப்படுத்தி பதில் போடத் தயங்கினால், அந்த வாக்கின் மதிப்பு அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன கேட்க வேண்டும்? 'என் சீட்டே வேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இரண்டு வருடம் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்க எந்த நிறுவனமும் சம்மதிக்காது. சம்மதித்தாலும் பாதியில் மனம் மாறும். 'அதே பதவி, அல்லது அதே கிரேடு, குறையாத சம்பளம், அதே ஊர் கொண்ட இணையான பதவி' என்று கேளுங்கள். 'இணையான பதவி' என்று மட்டும் எழுதினால் போதாது. கிரேடை அப்படியே வைத்துக்கொண்டு வேறு ஊர்க் கிளைக்கு அனுப்புவதும், கீழே ஆளே இல்லாத வேலைக்கு மாற்றுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கும். உங்கள் இடத்துக்கு வருபவரைக் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுக்கலாமே என்றும் நீங்களே சொல்லிப் பாருங்கள். எச்.ஆர். தயங்குவதற்கு முக்கியக் காரணமே திரும்பி வருபவரை எங்கே வைப்பது என்ற குழப்பம்தான்.

அடுத்தது பணித் தொடர்ச்சி. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. உங்களுக்கு ஆறு வருட சர்வீஸ் இருக்கிறது. இரண்டு வருட விடுப்பும் சர்வீஸில் சேரும் என்று எழுதினால், திரும்பும் நாளில் எட்டு வருடம். 'தொடர்ச்சி முறியாது, ஆனால் விடுப்புக் காலம் கணக்கில் வராது' என்றால் ஆறிலிருந்து தொடரும். இது நியாயமான சமரசம்தான், ஏற்றுக்கொள்ளலாம். கடிதம் ஒன்றும் சொல்லாமல் 'மீண்டும் பணியமர்த்தம்' என்று விட்டுவிட்டால், பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள். சர்வீஸை வைத்துக் கணக்கிடும் பணிக்கொடை, நோட்டீஸ் காலம், ஆள்குறைப்பு இழப்பீடு எல்லாமே அதோடு சரியும்.

ஆள்குறைப்பு என்றதும் ஒன்று. எவ்வளவு நன்றாக எழுதிய கடிதமும் அதிலிருந்து முழுப் பாதுகாப்பு தராது. உங்கள் பிரிவையே மூடினால், வேலையில் இருப்பவருக்கு நேர்வதுதான் உங்களுக்கும் நேரும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் மற்றவர்களுக்குச் சொல்லும் நாளிலேயே உங்களுக்கும் சொல்ல வேண்டும், மாற்று வேலைகளுக்கு உங்களையும் பரிசீலிக்க வேண்டும், இழப்பீட்டை விடுப்புக்கு முந்தைய கடைசிச் சம்பளத்தில் கணக்கிட வேண்டும் என்று கேட்கலாம். கடைசி விஷயம் முக்கியம். 'கடைசி மாதச் சம்பளம்' என்று பொதுவாக இருந்தால், சம்பளமில்லா விடுப்பில் அது பூஜ்யம் என்று சொல்ல ஆள் இருப்பார்கள்.

அப்புறம் தேதி. படிப்புகள் சொன்ன நாளில் முடிவதில்லை. ஆய்வறிக்கை தள்ளிப்போகும், தேர்வு முடிவு தாமதமாகும். குறித்த நாளில் வராவிட்டால் வேலையைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி பல நிறுவனங்களில் உண்டு. ஆகவே எத்தனை மாதம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும், ஒருமுறை நீட்டிக்க முடியுமா, படிப்பை இடையில் விட்டால் முன்கூட்டியே திரும்பலாமா என்ற மூன்றுக்கும் பதில் கடிதத்தில் இருக்கட்டும். ஸ்வீடன் சட்டம்கூட, ஒரு வருடமோ அதற்கு மேலோ விடுப்பு எடுத்தவர் சீக்கிரம் திரும்ப நினைத்தால், அவரைச் சேர்த்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஒரு மாதம் அவகாசம் தருகிறது.

எல்லாவற்றையும் சேர்த்து, நீங்கள் எச்.ஆரிடம் கேட்க வேண்டிய வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "விடுப்புக் காலத்தில் வேலை ஒப்பந்தம் தொடரும், பணித் தொடர்ச்சி முறியாது. விடுப்பு முடிந்ததும் ஊழியர் அதே பதவிக்கோ, கிரேடு, சம்பளம், பணியிடம் ஆகியவற்றில் அதற்குக் குறையாத பதவிக்கோ திரும்புவார்." 'காலியிடம் இருப்பின்' என்ற சொற்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட வேண்டும்.

ஒத்துக்கொள்ளாவிட்டால்? ஒரு வருட விடுப்புக்கு உறுதி, இரண்டாம் வருடத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சிலர் இறங்கி வருவார்கள். அது உங்கள் படிப்புக்கு உதவாது. முதல் வருட முடிவில் படிப்பா வேலையா என்று நிற்க வேண்டிவரும். அதைவிட, நேர்மையாகச் சொன்னால், ராஜினாமாவே மேல். திரும்பும் உரிமை இல்லாத விடுப்பில் நீங்கள் ஊழியராகவே இருப்பீர்கள். வேறெங்கும் வேலை பார்க்கக் கூடாது என்ற விதி உங்களைக் கட்டும். படிப்பின் நடுவே வருகிற பயிற்சிப் பணிக்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அவர்களை மட்டும் எதுவும் கட்டாது. ராஜினாமா செய்தால் சேர வேண்டிய பாக்கியை இப்போதே வாங்கிக்கொண்டு போகலாம். இரண்டு வருடம் கழித்து அதே காலியிடத்துக்கு வெளியிலிருந்து விண்ணப்பிப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.