இறந்த தேதியை மாற்றினால் பங்கும் மாறிவிடும்

கேள்வி: அப்பா 2025 ஜனவரியில் 52 வயதில் வீட்டிலேயே மாரடைப்பில் இறந்தார். பதிவு செய்யாமல் 14 மாதம் ஓடிவிட்டது. போன டிசம்பரில் பாட்டியும் (அப்பாவின் அம்மா) போய்விட்டார். அப்பா சம்பாதித்து வாங்கிய இரண்டு ஏக்கருக்குப் பட்டா மாற்ற வேண்டும். "போன மாசம் இறந்ததா எழுதிட்டா ஈஸி" என்கிறார் ஒருவர். செய்யலாமா? – வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: வேண்டாம் தம்பி. அது பொய்ப் பதிவு மட்டுமல்ல, உங்கள் சித்தப்பா, அத்தையின் பங்கையே அழித்துவிடும்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. உங்கள் வீட்டில் அம்மா, நீங்கள், தங்கை என்று மூவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜனவரியில் அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்ததால் 200 சென்ட் நான்காகப் பிரிந்து, அவருக்கு 50 சென்ட் போய்ச் சேர்ந்துவிட்டது. டிசம்பரில் அந்த 50 சென்ட் அவர் பிள்ளைகளுக்கு இறங்குகிறது. ஒரு சித்தப்பா, ஒரு அத்தை என்றால் மூன்று பங்கு. அதில் ஒன்று மட்டும் அப்பாவின் பங்காக உங்களுக்கும் தங்கைக்கும் வரும். பாட்டிக்கு முந்தியே பதிவு முடிந்து, அவர் கையால் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. இப்போது பாட்டியின் இறப்புச் சான்றும், சித்தப்பா, அத்தையின் கையெழுத்தும் வேண்டும்.

அப்பா போன மாதம் இறந்தார் என்று எழுதினால் பாட்டி முந்திப் போனதாகிவிடும். சித்தப்பாவும் அத்தையும் கோர்ட்டுக்குப் போனால் உங்கள் வீட்டுக் கருமாதிப் பத்திரிகை ஒன்றே போதும், குட்டு உடைந்துவிடும்.

சரியான வழி இதுதான். 21 நாளுக்குள் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கட்டணமின்றி முடிந்திருக்கும். ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். உங்கள் தாலுகா அரூர் கோட்டத்தில் வருகிறது. முதலில் வி.ஏ.ஓ.விடம் 'பதிவில் இல்லை' என்று சான்று வாங்குங்கள். அதோடு அப்பாவின் ஆதார், தாமதத்துக்கான காரணம், இறந்த தேதியைக் காட்டும் ஆதாரங்கள் வையுங்கள். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, வந்து பார்த்த டாக்டரின் சீட்டு எல்லாமே உதவும். விசாரித்து உத்தரவு வந்தபின் வி.ஏ.ஓ. பதிவு செய்வார். பெயர், இனிஷியல் பட்டாவில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். பிறகு திருத்த அலைவது தனி வேலை. அதன்பின் இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அப்பாவின் பேங்க் பாஸ்புக்கை எடுத்து 2024 மே மாதப் பக்கத்தைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. ஜூன் முதல் மே வரை காப்பு, 2 லட்சம் ரூபாய், நாமினிக்கு. ஜனவரி மரணம் அதற்குள் வருகிறது. சான்று கைக்கு வந்ததும் அந்த பேங்க் கிளையில் க்ளைம் கொடுங்கள். இதற்கு வாரிசுச் சான்று வரும்வரை காத்திருக்க வேண்டாம்.