சேர்ந்து செய்த வேலையில் என் பெயர் வரவில்லை

கேள்வி: நானும் சக ஊழியர் ஒருவரும் சேர்ந்து தயாரித்ததை அவர் மட்டும் மீட்டிங்கில் காட்டினார், என் பெயரே வரவில்லை. சண்டை வராமல் எப்படிக் கேட்பது?

கோபம் அடங்கியதும், ஓரிரு நாளுக்குள், தனியாக நேரில் கேளுங்கள். சாட்டில் எழுதினால் உங்கள் குரல் அவருக்குக் கேட்காது. "மறைச்சுட்டீங்க" என்றால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து காட்டின ஸ்லைடுல கணக்கு முழுக்க நான் போட்டது. என் பெயர் வரலை, மனசு உறுத்துது. என்ன ஆச்சு?"

அப்புறம் அவர் பதில் சொல்லும்வரை பேசாமல் இருங்கள். (அதுதான் கஷ்டம்.) அவர் பதற்றத்தில் மறந்திருக்கவும் கூடும்.

ஆனால் வெறும் "சாரி"யோடு விடாதீர்கள். "ஸ்லைடை எல்லாருக்கும் மெயில்ல அனுப்பும்போது, கணக்கு நான் போட்டதுன்னு ஒரு வரி சேர்த்துடுங்க" என்று கேளுங்கள். மழுப்பினால், அடுத்த முறை உங்கள் பகுதியை நீங்களே பேசுவதாக முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.