கையில் காசோடு நிற்பவருக்கு ஒரு வரி

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாமாவுடைய தேத்தண்ணிக் கடையில் காலையில் நான்தான் கல்லாவில் நிற்கிறேன். வேகமாகக் கொடுத்தால், "மூஞ்சியக்கூடப் பாக்காது இந்தப் பிள்ள" என்கிறார்கள். நின்று விசாரித்தால், "பஸ் போயிரும்மா" என்று சலித்துக்கொள்கிறார்கள். மாமாவோ, "சிரிச்சு வாங்கன்னு சொல்லு, போதும்" என்கிறார். போதுமா?

ஒரு வாசகி, ஹட்டன்

அன்புள்ள தங்கைக்கு,

மாமா சொல்வது பாதி சரி. "வாங்க" கட்டாயம் வேண்டும். ஆனால் பஸ்ஸைப் பிடிக்க வந்தவருக்கு, சாமான் எப்போது கைக்கு வரும் என்பதும் தெரிய வேண்டும். அதையும் சேர்த்து ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: "வாங்கண்ணே, இவருக்கு மிச்சம் குடுத்துட்டு அடுத்தது உங்களுக்குத்தான்." அவர் அதன்பிறகு கண்ணாடிப் பெட்டியைத் தட்ட மாட்டார்.

"ரெண்டு நிமிஷம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைக்காரர்களின் இரண்டு நிமிஷம் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். கையில் இருக்கும் வேலையைச் சொன்னால் அவரே கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வார்.

யாருக்கு அவசரம் என்பது வாய் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். பையைக் கீழே வைக்க மாட்டார், உடம்பு பாதி ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கும், காசு கைக்குள் மடிந்திருக்கும். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு வடையா ரோல்ஸா என்று யோசிப்பவரிடம் மகளின் பரீட்சையை விசாரியுங்கள், தப்பில்லை. அவசரக்காரரிடம் "எப்படி சுகம்?" வேண்டாம். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே! வழமையாக வருபவர் என்றால் "பிளேன்டீயும் பணிசும்தானே?" என்று கேளுங்கள். அவர் தலையாட்டினால் போதும்.

தலையசைப்பு அந்த வரிக்கு முன்னால் வர வேண்டும். கை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாலும் கண் ஒரு நொடி அவர் முகத்தில் நிற்கட்டும். காசை எண்ணிக்கொண்டே ஆட்டினால், காசைப் பார்த்து ஆட்டியதாகத்தான் தோன்றும். உங்கள் மேல் சொல்லும் குறை பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன். இன்னொன்று, நாடி கீழே இறங்க வேண்டும். இளசுகள் நாடியை மேலே தூக்கிக் காட்டுவது கூட்டாளிகளுக்குள் சரி, வயசானவருக்கு அது "என்ன வேணும்?" என்று அதட்டுவதுபோல் படும். பனிக் காலையில் குல்லாவும் மப்ளருமாக நிற்கும்போது முகத்தில் பாதிதான் தெரியும், அதனால் கொஞ்சம் நன்றாகவே தலையசையுங்கள்.

சரி, ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஒருவருக்கு ரீலோட் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா, பேப்பரோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் கிளினிக் கொப்பியோடு ஓர் அக்கா, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் நம்பர் எடுக்க வேண்டும், பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. முதலில் அக்காவைப் பார்த்துத் தலையசைத்து, "வாங்கக்கா, பாத்துட்டேன்." ரீலோட் முடிந்ததும் அக்காவிடம் போகாமல் வாத்தியாரிடம் திரும்புங்கள்: "ஐயா, அக்காவுக்கு பஸ் நிக்குது, முதல்ல குடுத்துடவா?" அநேகமாக "குடு குடு" என்பார். கேட்காமல் தாண்டிக் கொடுத்தால் அக்காவுக்குப் பஸ் கிடைக்கும், வாத்தியார் மனதில் குறை தங்கும். அவர் மறுத்தால் அவருக்குத்தான் முதலில், அதை அக்காவிடமும் உடனே சொல்லிவிடுங்கள். வேறு கடை பார்க்கவாவது அவருக்கு நேரம் இருக்கும்.

பார்சலையும் மிச்சக் காசையும் சேர்த்துக் கொடுக்கும்போது இன்னொரு தடவை முகத்தைப் பாருங்கள். "பாத்துப் போங்கக்கா" போதும். முன்பே பேசத் தோன்றியதையெல்லாம் இங்கே கொட்ட வேண்டாம், அவர் கால் ஏற்கெனவே படியில் இருக்கிறது.

சிங்களம் பேசுபவர்களுக்கும் இதே முறைதான். கொஞ்சம் இருங்க ஐயா என்பதற்கு "பொட்டக் இன்ன மாத்தயா" என்று சொல்லி, எதை முடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கையால் காட்டினால் விளங்கிக்கொள்வார்கள்.

ஆனால் இது தாமதத்தை மறைக்காது. சில்லறை இல்லாமல் பக்கத்துக் கடைக்கு ஓடினால் எந்த வரியும் உதவாது. முதல் பஸ்ஸுக்கு முன்பே சில்லறையைப் பிரித்து வையுங்கள், வடைப் பார்சல் கொஞ்சம் கட்டி வையுங்கள். தோட்டத்துச் சம்பள நாளில் ஆள் ஆளாக வரவேற்க முடியாது. கூட்டத்துக்கே பொதுவாக ஒரு தடவை, "எல்லாரையும் பாத்துட்டேன், வரிசைப்படி தாறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். அன்றைக்கு மாமாவையும் கல்லாவுக்குக் கூப்பிடுங்கள், சிரிப்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.