ஜே.ஆர்.எஃப்.-ஐ பாதியில் விடும்போது திருப்ப வேண்டிய பணம்

"பாளையங்கோட்டைக் கல்லூரியில் யு.ஜி.சி.யின் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை வாங்குகிறேன். செப்டம்பர் 13-ல் வேலையில் சேர்கிறேன். அந்த மாத உதவித்தொகை முழுசா வந்துட்டா என்ன செய்யணும்?"

விலகல் கடிதத்தில் "செப்டம்பர் 12 பிற்பகல் முதல்" என்று தேதியை எழுதி, வழிகாட்டியின் கையெழுத்தோடு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். 12-க்குப் பிந்திய தேதி போட்டால் ஒரே நாளுக்குச் சம்பளமும் உதவித்தொகையும் வாங்கியதாகிவிடும். தணிக்கையில் முதலில் சிக்குவது அதுதான்.

உதவித்தொகைக்காக மாதாமாதம் உங்கள் பெயரை இணையத்தில் உறுதிசெய்வது கல்லூரிதான். அதைச் செய்பவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். துறையில் கொடுத்த கடிதம் அவர் மேசைக்கு வரத் தாமதமாகும், அதற்குள் அக்டோபர் பணமும் வந்துவிடலாம்.

செப்டம்பருக்கு 37,000 முழுதாக வந்தால், 12 நாளுக்கான 14,800 உங்களுடையது, 18 நாளுக்கான 22,200 திருப்ப வேண்டியது. வீட்டு வாடகைப்படி வாங்கினால் அதற்கும் இதே விகிதம். எந்தக் கணக்கில் கட்டுவது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், ஆய்வுச் செலவுக்குத் தரும் கன்டிஞ்சென்சி தொகை தனிக் கணக்கு. ரசீது உள்ள செலவு போக மீதியைப் பயன்பாட்டுச் சான்றிதழோடு தனியாகத் திருப்புங்கள். பணம் கட்டியதற்கு வங்கி தரும் யு.டி.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு நிலுவையின்மைச் சான்று கேளுங்கள்.