மகன் தெரியாமல் கேம் காசு வாங்கிவிட்டான். பணத்தைத் திருப்பிக் கேட்டு கடை முகாமையாளருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

சென்ற ஆண்டு இதே காரியத்துக்காக வெள்ளவத்தையில் உள்ள ஒரு கடைக்கு நான் கடிதம் எழுத நேர்ந்தது. கடையின் இணையத்தளத்தில் என் கடனட்டை விபரம் சேமிக்கப்பட்டிருந்தது. ஒன்பது வயது மகன் என் கைபேசியில் தலா 5,000 ரூபா பெறுமதியான மூன்று கேம் கார்டுகளை வாங்கிவிட்டான். வங்கி அனுப்பிய ஓடிபியும் அதே கைபேசிக்கு வந்ததால், அதையும் அவனே பார்த்து இட்டிருக்கிறான்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கார்டுகளுக்காக மின்னஞ்சலில் வந்த குறியீடுகளில் எவை கேம் கணக்கில் ஏற்றப்பட்டுவிட்டன என்பதையே. ஏற்றாத குறியீட்டைக் கடைக்காரர் தம் வழங்குநரிடம் சொல்லி முடக்கி, அதற்கான பணத்தைப் பெற வழியிருக்கலாம். ஏற்றியதோ கேம் நிறுவனத்தின் கணக்குக்குள் போய்விட்டது, அதைக் கடையால் இழுத்தெடுக்க முடியாது. மகன் ஏற்றியது ஒன்றை மட்டுமே என்பதால், கோரிக்கையை இரண்டாகப் பிரித்தேன். கடிதத்தின் நடுப்பகுதி இது:

"மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்களுக்கு, கீழே குறிப்பிட்ட இலக்கமுடைய கொள்வனவு, என் அனுமதியின்றி என் ஒன்பது வயது மகனால் என் கைபேசியில் செய்யப்பட்டது. ஓடிபியை இட்டவனும் அவனே, அட்டை திருடப்படவில்லை. மூன்று குறியீடுகளில் இரண்டு இதுவரை பயன்படுத்தப்படவில்லை. அவற்றை முடக்கி, 10,000 ரூபாவை அதே அட்டைக்குத் திருப்பி வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பயன்படுத்தப்பட்ட ஒன்றுக்குத் தங்களிடம் பணம் கோரவில்லை. கேம் நிறுவனத்திடம் விண்ணப்பிப்பதற்குக் கொள்வனவு உறுதிச் சீட்டு மட்டும் தந்துதவவும்."

ஓடிபியைப் பற்றிய வரியை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் "யாரோ என் அட்டையைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தால், சரியான ஓடிபி இடப்பட்ட பதிவு ஒன்றே அதைப் பொய்யாக்கியிருக்கும்; அதன்பின் குறியீடு பயன்படுத்தப்படவில்லை என்பதையும் முகாமையாளர் ஏன் நம்ப வேண்டும்?

கொள்வனவு இலக்கம், திகதி, நேரம், தொகை, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். முழு அட்டை எண்ணும் முழுக் குறியீடும் கடிதத்தில் வேண்டாம். ஏற்றப்படாத குறியீடு கையில் உள்ள ரொக்கத்தைப் போன்றது. படிப்பவர் எவரும் அதை ஏற்றிக்கொள்ளலாம், பிறகு பழி உங்கள் மேல்தான் விழும். கடைசி நான்கு எழுத்துகள் போதும்.

கடிதம் கொடுக்குமுன்னரே வங்கியில் முறைப்பாடு செய்துவிடாதீர்கள். வங்கி விசாரணை தொடங்கினால் கடை தானாகப் பணம் தரத் தயங்கும். கேம் கணக்கே முடக்கப்படவும் கூடும். நான் கடிதத்தை நேரில் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்கினேன். இரண்டு கார்டுகளின் பணம் வந்தது. மூன்றாவதற்குக் கேம் நிறுவனம் மறுத்துவிட்டது. மகன் அதற்குள் அந்தக் கார்டில் கிடைத்த கேம் காசான வைரங்களைச் செலவழித்திருந்தான்.