மோட்டார் மாறினால் தகடு மாறும்: பையன் எந்த மாடலிங் படிக்க வேண்டும்?

சார், போன வாரம் நீங்கள் காட்பாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் போனபோது கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டான், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் டேனரி மெஷின் செய்கிற சின்ன பட்டறையில் டிராயிங் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், அங்கே டிசைன் வாரத்துக்கு ஒரு தரம் மாறுமாம். கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைவதற்கு ஒரு சென்டரில் பாராமெட்ரிக் மாடலிங் படி என்கிறார்கள், இன்னொரு சென்டரில் அடிக்கடி மாறுகிற டிசைனுக்கு டைரக்ட் மாடலிங்தான் சுலபம் என்கிறார்கள். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் ரெண்டு பேருமே என்ன மாற்றம் வரும் என்று கேட்காமல் சொல்கிறார்கள்.

முதலில் ரெண்டும் என்ன என்று பார்த்துவிடலாம். பாராமெட்ரிக்கில் பையன் போடும் ஒவ்வொரு அடியும், அதாவது இந்த ஸ்கெட்ச், இந்த அளவு, இந்த ஓட்டை, இந்த வளைவு என்று எல்லாமே வரிசையாக ஃபைலுக்குள் இருக்கும். நடுவில் ஒரு எண்ணை மாற்றினால் மென்பொருள் அங்கிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் மறுபடி போட்டுக் கொடுக்கும். டைரக்டில் அந்த வரிசை கிடையாது. கண் முன்னால் இருக்கும் உருவத்தின் ஒரு முகத்தைப் பிடித்து இவ்வளவு மில்லிமீட்டர் இழு என்றால் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இனி பையன் முதல் வாரத்திலேயே போடப்போகிற ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தோல் பதனிடும் டிரம்மைச் சுற்றுகிற மோட்டாருக்கு அடியில் போடும் பேஸ் பிளேட். ஒரு தகடு, நாலு ஓட்டை. நம் ஊரில் கிடைக்கும் மோட்டார்களின் கால் அளவுகள் பெரும்பாலும் ஐஇசி என்ற சர்வதேசத் தரப்படிதான் இருக்கும். 4 கிலோவாட், 4 போல் மோட்டார் என்றால் பெரும்பாலும் 112M என்ற அளவு ஃபிரேம். அதில் குறுக்குவாட்டில் ஓட்டைக்கு ஓட்டை 190 மி.மீ., ஷாஃப்ட் போகும் திசையில் 140. டேனரிக்காரர் டிரம்மைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்பார், 5.5 கிலோவாட் ஆகும், ஃபிரேம் 132S. குறுக்கு அளவு 216, நீள அளவு அதே 140. மறுபடி யோசித்து 7.5 என்பார், அது 132M, குறுக்கு 216, நீளம் 178. மூன்றுக்கும் ஓட்டை விட்டம் அதே 12 தான். இது மாதிரி மாறும் என்று முன்கூட்டியே தெரிகிற மாற்றத்துக்குப் பாராமெட்ரிக்கில் இப்படி எழுதி வைப்பார்கள்:

```
mot_A = 190 mm
mot_B = 140 mm
oram = 40 mm
plate_A = mot_A + 2 * oram
plate_B = mot_B + 2 * oram
```

தகடு 270-க்கு 220. `mot_A`-வை 216 ஆக்கினால் தகடு தானாக 296-க்கு 220 ஆகும், ஓட்டைகளையும் இதே எண்களோடு கட்டியிருந்தால் அவையும் கூடவே நகரும், டிராயிங் தாளில் இருக்கும் அளவும் மாறிவிடும். டைரக்டில் இதையே செய்ய ஒரு பக்கத்து ரெண்டு ஓட்டையையும் ஓரத்தையும் 13 தள்ள வேண்டும், எதிர்ப்பக்கமும் 13. ஒரு தடவை என்றால் ஒரு நிமிஷ வேலை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்தாவது தடவை அவசரத்தில் ஓட்டையை நகர்த்திவிட்டு ஓரத்தை மறந்தால் 40 இருக்க வேண்டிய இடத்தில் 27 நிற்கும், எந்த எச்சரிக்கையும் வராது, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்போ பாராமெட்ரிக்தானே சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு டிராயிங் ஆபீசில் இருந்தேன், அங்கே இதே மாதிரி ஒரு தகட்டை நான்தான் பாராமெட்ரிக்கில் போட்டேன், நாலு ஓட்டையும் தகட்டின் மையத்திலிருந்து சமமாக விலகும்படி. 132S போய் 132M வந்தது, 140-ஐ 178 ஆக்கினேன், அழகாக மாறியது, பிழை என்று எங்கும் சிவப்பு காட்டவில்லை. தகடு வெட்டி ஓட்டை போட்டு மோட்டாரை ஏற்றிய பிறகு பார்த்தால் புல்லி 19 மி.மீ. வெளியே வந்து நிற்கிறது, பெல்ட் கோணலாக ஓடுகிறது. காரணம், 132S, 132M ரெண்டிலும் ஷாஃப்ட் தோளிலிருந்து முன் ஓட்டை வரை 89 மி.மீ.தான், மோட்டார் வளர்வது பின்பக்கம் மட்டும். முன் ஓட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்க, பின் ஓட்டைகள் 38 நகர்ந்திருக்க வேண்டும். நான் மையத்தைப் பிடித்துக்கொண்டதால் முன்னே 19, பின்னே 19 என்று பிரிந்துவிட்டது. டைரக்டில் வேலை செய்கிற ஒருவன் மோட்டார் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பின் ஓட்டைகளையும் பின் ஓரத்தையும் மட்டும் 38 இழுத்திருப்பான், தப்பே வந்திருக்காது. ஆக, பாராமெட்ரிக்கில் எண்ணைவிட முக்கியம், அந்த எண் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பது. குறுக்குவாட்டுக்கு மையம் சரி, ஷாஃப்ட் திசைக்கு முன் ஓட்டைதான் ஆதாரம்.

இன்னொரு வம்பும் உண்டு. தகட்டின் ஓரத்தில் வளைவு போட்டு, அந்த வளைவின் விளிம்பைப் பிடித்து, வலு கொடுக்கும் ஒரு ரிப் வரைந்திருப்பான். பட்டறையில் வளைவு வேண்டாம் என்பார்கள். வளைவை அழித்ததும் ரிப் பிடித்திருந்த விளிம்பு காணாமல் போய், அடிகளின் வரிசையைக் காட்டும் டைம்லைனில் மஞ்சளோ சிவப்போ எட்டிப்பார்க்கும். புதுசாகப் படிக்கிற பசங்கள் இதைப் பார்த்துத்தான் பாராமெட்ரிக் உடையும் என்று பயந்து டைரக்டுக்கு ஓடுகிறார்கள். ஸ்கெட்சை மூலத் தளங்களில் வரைந்து, வளைவுகளைக் கடைசியில் போட்டால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் வராது.

டைரக்ட் நிஜமாகவே கை கொடுப்பது வேறு இடத்தில். கியர்பாக்ஸ் விற்கிறவர் STEP ஃபைல் அனுப்புவார், அதாவது பல மென்பொருள்களிலும் திறக்கிற பொது வடிவ ஃபைல். அதைத் திறந்தால் வரிசை எதுவும் வராது, மொத்தமும் ஒரே கட்டியாக வரும், மாற்ற எண் எதுவும் இருக்காது. அதில் ஒரு முகத்தை 5 மி.மீ. தள்ள வேண்டுமென்றால் Fusion மென்பொருளில் `Press Pull`, SolidWorks மென்பொருளில் `Move Face`, வேறு வழி தேட வேண்டியதில்லை. யாரும் எதிர்பார்க்காத, ஒரே தடவை வருகிற மாற்றத்துக்கும் இதுதான். இந்த `Move Face`-கூட பாராமெட்ரிக் ஃபைலில் இன்னொரு அடியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, பத்து சேர்ந்தால் அந்த ஃபைலை அடுத்தவன் தொட மாட்டான். Fusion-இல் `Do not capture Design History` என்பதை மட்டும் விளையாட்டுக்குக்கூட அமுக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்; போட்ட வரிசை மொத்தமும் போய்விடும், திரும்ப ஆன் செய்தாலும் பழையது வராது.

சரி, சென்டர் விஷயம். அந்தப் பட்டறை வேலைக்கு, மோட்டாரும் டிரம் விட்டமும் மாறிக்கொண்டே இருக்கிற இடத்துக்கு, பாராமெட்ரிக்கை முதலில் படிக்கட்டும், அது பிடிபட மாதங்கள் ஆகும். டைரக்ட் கருவிகளை அதற்குப் பின் சில நாளில் பழகிவிடலாம். பணம் கட்டுவதற்கு முன்னால் சென்டரில் ஒன்று கேளுங்கள்: பழைய மாணவன் செய்த ஃபைல் ஒன்றைத் திறந்து, நடுவில் இருக்கும் ஒரு அளவை நம் எதிரிலேயே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றினால் உடைகிறதா, உடைந்தால் சொல்லித்தருகிறவர் அதை எப்படிச் சரிசெய்கிறார் என்று தம்பி பக்கத்தில் நின்று பார்க்கட்டும். முடிந்தால் சனிக்கிழமை அவனே ஒரு பேஸ் பிளேட் போட்டு எடுத்து வரட்டும், நான் 140-ஐ 178 ஆக்கிப் பார்க்கிறேன்.