வாங்குவோர் கேள்வி-பதில்: பட்ஜெட் அட்டவணைகள்

இணையத்தில் 18 வெள்ளிக்கு ஒரு பட்ஜெட் டெம்ப்ளேட் வாங்கினேன். எங்கள் செலவு மாதம் 1,200 வெள்ளிதான், அது 2,400 காட்டுகிறது. விற்றவர் தப்பு என்னுடையது என்கிறார். - ஈசூன் வாசகி

தப்பு அவருடையது. "வீடு" என்ற தலைப்பு வரியில் 300 வெள்ளி இருக்கிறது. அதன்கீழே உள்ளே தள்ளி எஸ்பி பில் 180, நகர மன்றக் கட்டணம் 70, இணையம் 50. "உணவு" 900, அதற்குள் மளிகை 600, வெளிச்சாப்பாடு 300. உள்ளே தள்ளியிருப்பது உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், SUM அதைப் பார்ப்பதில்லை. தலைப்பையும் உட்பிரிவையும் சேர்த்தே கூட்டிவிடுகிறது. மொத்தம் சரியாக இரண்டு மடங்காக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தலைப்பு வரி ஒவ்வொன்றிலும், கடைசி மொத்தத்திலும் SUM-க்குப் பதில் இதைப் போடுங்கள்:

```
B2: =SUBTOTAL(9,B3:B5)
B6: =SUBTOTAL(9,B7:B8)
B9: =SUBTOTAL(9,B2:B8)
```

SUBTOTAL தன் வரம்புக்குள் இருக்கும் மற்ற SUBTOTAL-களை விட்டுவிட்டுக் கூட்டும். 1,200 வந்துவிடும். ஒரு தலைப்பில் பழைய SUM தங்கிவிட்டாலும் அந்தத் தொகை இரண்டு முறை சேரும். ஃபில்டர் போட்டு மறைத்த வரிகளையும் இது கூட்டாது, அதை நினைவில் வையுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம்.

பட்ஜெட்டை அகர வரிசைப்படுத்திச் சேமித்துவிட்டேன். எது எதற்குள் இருந்தது என்றே தெரியவில்லை. - பிடோக் வாசகர்

பழைய பிரதி இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் உட்கார்ந்து தட்டுங்கள்.

அலுவலக பட்ஜெட்டில் உட்பிரிவுகளின் முன்னால் நாலு ஸ்பேஸ் தட்டியிருக்கிறேன். செலவுப் பதிவிலிருந்து SUMIF எடுத்தால் அந்த வரிகளில் எல்லாம் 0. - ஜூரோங் வாசகர்

அந்த ஸ்பேஸும் பெயரின் பகுதிதான் சார். பதிவில் "வாடகை" என்று இருக்கிறது, உங்கள் அட்டவணையில் நாலு ஸ்பேஸுடன் "வாடகை". இரண்டும் வேறு வேறு. எத்தனை தடவைதான் எழுதுவது! உள்ளே தள்ள எக்செல்லில் Increase Indent பொத்தான் இருக்கிறது. அது தோற்றத்தை மட்டும் நகர்த்தும், எழுத்தைத் தொடாது. பழைய ஸ்பேஸ்களை TRIM நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியது என்றால் அதற்கும் அசையாத ஸ்பேஸ் இருக்கலாம்:

```
=TRIM(SUBSTITUTE(A3,CHAR(160)," "))
```

உட்பிரிவுகளைத் தானாக உள்ளே தள்ளித் தரும் 'பிரீமியம்' டெம்ப்ளேட் 39 வெள்ளி. வாங்கலாமா? - செங்காங் வாசகி

வேண்டாம். இதே மாதிரி ஒன்றுக்கு நானும் காசு கொடுத்தேன். திறந்து பார்த்தால் சாதாரண பிவட் டேபிள், மேலே ரோஜா நிறம். செலவுப் பதிவில் பிரிவுக்கு ஒரு பத்தி, உட்பிரிவுக்கு ஒரு பத்தி, தொகைக்கு ஒரு பத்தி வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் பிரிவின் பெயர் நிரம்பியிருக்க வேண்டும், வெற்றுக் கட்டம் கூடாது. பிறகு முதல் இரண்டையும் பிவட்டின் Rows பெட்டிக்குள்ளும், தொகையை Values பெட்டிக்குள்ளும் இழுத்தால் உட்பிரிவுகளை எக்செல்லே உள்ளே தள்ளிக் காட்டும், மொத்தமும் இரட்டிக்காது. வரிசைப்படுத்தினாலும் உட்பிரிவு தன் பிரிவை விட்டுப் போகாது. மேலே பிடோக்காரரும் படிக்கட்டும்.